இரண்டு இருப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை?

"பி.காம் முடித்தேன். வியாழக்கிழமை ஜூனியர் அக்கவுண்டன்ட் இன்டர்வியூ. பேங்க் ரீகன்சிலியேஷனை எளிமையாக விளக்கச் சொன்னால் திணறுகிறேன்."

வரையறையை விடுங்கள், ஒரு கணக்கைச் சொல்லுங்கள். மார்ச் 31 அன்று நம் பேங்க் லெட்ஜரில் 50,000 ரூபாய் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்டில் 61,700. வித்தியாசம் 11,700.

முதலில் இரண்டிலும் இருக்கும் வரிகளை டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். டிக் விழாமல் நிற்பவைதான் காரணம். இங்கே இரண்டு நிற்கின்றன. சப்ளையருக்குக் கொடுத்த 12,000 ரூபாய் செக்கை அவர் இன்னும் பேங்கில் போடவில்லை. பேங்க் பிடித்த 300 ரூபாய் கட்டணம் நம் லெட்ஜரில் ஏறவில்லை.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: "எதற்கு என்ட்ரி போடுவீர்கள்?" பலர் தடுமாறுவது இங்கேதான். 300 ரூபாய்க்கு மட்டும்தான். பேங்க் கட்டணம் டெபிட், பேங்க் கிரெடிட். லெட்ஜர் இருப்பு 49,700 ஆகிவிடும். செக்கை லெட்ஜரில் ஏற்கெனவே எழுதிவிட்டோம், அதைத் தொடக்கூடாது. ஸ்டேட்மென்ட் பக்கம் அந்த 12,000-ஐக் கழித்தால் அங்கேயும் 49,700. ஆனால் அந்த செக் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் செல்லாது. அப்போது சப்ளையர் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும்.

அப்புறம், நாம் போட்ட பணத்தை பேங்க் ஏன் கிரெடிட் என்கிறது என்றும் கேட்கலாம். அந்தப் பணம் நமக்குச் சொத்து, பேங்குக்கோ நம்மிடம் பட்ட கடன். அதனால் நம் டெபிட் அவர்கள் புத்தகத்தில் கிரெடிட்டாக நிற்கிறது.