ஜதி கணக்கை எடுப்பிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

கேள்வி: "கீர்த்தனம் தொடங்குமுன் சொல்வதற்குச் சின்னதாக ஒரு ஜதி நானே கோத்திருக்கிறேன். தாளில் கணக்குச் சரியாக இருக்கிறது, பாட்டோடு சேர்த்தால் இடிக்கிறது. எங்கே தவறு?"

பாட்டின் எடுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தவறு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆதி தாளம், சதுஸ்ர நடை, அரங்கேற்றம் முடித்து இப்போதுதான் நட்டுவாங்கத்தில் கை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு தாளமாக இருந்தால் எண்கள் மாறும், வழி மாறாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து கேட்பார்கள். ஜதிகளுக்கு உரிய இடம் வர்ணம், கீர்த்தனத்துக்கு முன்னால் ஜதி எதற்கு என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாணியில் அது நியாயம். ஒரு கீர்த்தனத்தில் மயிலேறி வரும் முருகனை மேடைக்குக் கொண்டுவர, பாட்டுக்கு முன்னால் இரண்டு ஆவர்த்தனம் சொல்லால் வழிவிடுவது என் பழக்கம். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நான் காரைக்குடியில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு நகரத்தார் வீட்டில் அறுபதாம் கல்யாணம். வளவில் மேடை போட்டிருந்தார்கள். குன்றக்குடி முருகனைக் கும்பிடும் குடும்பம் என்பதால் முருகன் மீது ஒரு கீர்த்தனம் வேண்டும் என்று கேட்டார்கள். என் மாணவி ஆடினாள். ஜதியை நான் கோத்தேன். அதுதான் நானாகக் கோத்த முதல் ஜதி, அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நான்கு அட்சரம், ஆக ஓர் ஆவர்த்தனம் 32. இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64. முதல் ஆவர்த்தனம் முழுவதும் நுழைவு, இரண்டாவதின் லகுவில் 16 அட்சரத்துக்கு விரைவுச் சொற்கள், மீதி 16 அட்சரத்துக்குத் தீர்மானம். தீர்மானத்துக்கு நான்கு அட்சரச் சொல் ஒன்றை மூன்று முறை வைத்து, இடையில் இரண்டிரண்டு அட்சரம் கார்வை விட்டேன். 12-உம் 4-உம் 16. ஒரு குறையும் இல்லாமல் சமத்தில் வந்து முடிந்தது. தட்டுக்கழியால் தட்டி ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். பாடுபவர் மதுரையிலிருந்து நிகழ்ச்சி நாளில்தான் வந்தார். அதனால் ஜதியைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும்தான் ஒத்திகை பார்த்திருந்தோம்.

அன்று ஜதி சமத்தில் முடிந்தது. மாணவி வேலை ஏந்தி நின்றாள். பாட்டு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கீர்த்தனத்தின் எடுப்பு சமத்தில் இல்லை, ஒன்றரை இடம் தள்ளி இருந்தது. ஒன்றரை எண்ணிக்கை என்றால் ஆறு அட்சரம். ஆறு அட்சரம் மிகச் சிறிய நேரம்தான், ஆனால் வளவு முழுக்க மூச்சுப் பிடித்துக் காத்திருந்தது. பாட்டு உடனே வரும் என்று எண்ணிய பிள்ளை முதல் சொல்லுக்கான முத்திரையைப் பிடித்துவிட்டாள். பாட்டு பின்னால் வந்து சேர்ந்தது. பல்லவி முதல் முறை முடியும்வரை கை முன்னாலும் சொல் பின்னாலுமாகப் போயிற்று. முன் வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "ஏன், பாடுகிறவர் மறந்துவிட்டாரா?" என்று பக்கத்தில் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. மறந்தவர் அவர் அல்ல.

மிருதங்கம் வாசித்த பெரியவர் அந்த ஆறு அட்சரத்தையும் ஒரு சின்னச் சொல்லால் மூடி எங்களைக் காப்பாற்றினார். வண்டியில் திரும்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நீங்கள் சமத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பாட்டு சமத்திலா இருக்கிறது? அது இருக்கிற இடத்துக்கல்லவா நீங்கள் போக வேண்டும்."

அன்றிலிருந்து நான் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். அதே ஜதியைத் திருத்திய விதத்தை எழுதுகிறேன், உங்கள் ஜதியை இதோடு வைத்துப் பாருங்கள்.

சமத்தில் தொடங்கி இரண்டு ஆவர்த்தனம் கடந்து எடுப்பில் போய்ச் சேர வேண்டும். ஆகவே மொத்தம் 64 அல்ல, 70. முதல் ஆவர்த்தனத்தின் 32-உம் அடுத்த லகுவின் 16-உம் அப்படியே இருக்கட்டும் என்றால் தீர்மானத்துக்கு மிஞ்சுவது 22. ஒரு சொல்லை மூன்று முறை சொன்னால் அவற்றுக்கு நடுவே கார்வை இரண்டுதான் வரும். மூன்றாவது முறைக்குப் பின் கார்வை கிடையாது, அங்கே பாட்டு வந்துவிடுகிறது. புதிதாகக் கோப்பவர்கள் மூன்று சொல்லுக்கு மூன்று கார்வை என்று எண்ணிவிடுவார்கள், தாளில் சரியாகத் தெரிந்து வாயில் இடிப்பதற்கு இது இன்னொரு காரணம். ஆறு அட்சரச் சொல் மூன்று முறை 18, இரண்டு அட்சரக் கார்வை இரண்டு முறை 4. ஆக 22.

ஒரு புள்ளிக்கு ஓர் அட்சர மௌனம் என்று கொண்டு படியுங்கள்:

தாம் . . . தீம் . . . தகதிமி தகஜொணு
தகிட தகிட தக தகிட தகிட தக
கிடதக தரிகிட தகதிமி தகஜொணு
ததி.கிணதொம் . . ததி.கிணதொம் . . ததி.கிணதொம்

முதல் மூன்று வரிகளும் ஒவ்வொன்றும் 16. கடைசி வரி 22. இப்போது கையில் தாளம் போட்டுக்கொண்டே கடைசி வரியைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ததி' முதல் துருதத்தின் தட்டில் விழும். இரண்டாவது 'ததி' இரண்டாம் துருதத்தின் தட்டில் விழும். மூன்றாவது 'ததி' அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் விழும். மூன்று முறையும் உங்கள் கை தட்டில் இருக்கும். மூன்றாவது சொல்லின் ஆறு அட்சரம் முடிந்ததும் அதே மூச்சில் பாட்டு எடுக்கலாம். பாட்டு சமத்திலிருந்து தள்ளியிருக்கும் தூரமும் ஆறு, தீர்மானச் சொல்லின் நீளமும் ஆறு என்பதால் இப்படி அமைகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு நான் தூங்கவில்லை.

பிழையைக் கண்டறியவும் இதுவே வழி. மூன்றாவது 'ததி' வரும்போது கை தட்டில் இல்லாவிட்டால் எங்கோ ஒரு கார்வையை விழுங்கிவிட்டீர்கள் என்று பொருள். பெரும்பாலும் இரண்டாவது கார்வைதான் விழுங்கப்படும், முடிக்கும் அவசரம் அங்கேதான் வரும். என் மாணவிகளை அந்த இரண்டு அட்சரத்திலும் வாயை மூடிக்கொண்டு விரலால் தொடையில் தட்டச் சொல்வேன்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் தாம், தீம் என்று இடைவெளி விட்டு வைத்தது, கேட்பவருக்கும் ஆடுபவருக்கும் காலப்பிரமாணம் பதிய வேண்டும் என்பதற்காக. இரண்டாம் வரியில் மூன்று, மூன்று, இரண்டு என்று வருவது மயிலின் நடைக்காக. எட்டு அட்சரத்தை நாலு நாலாகப் பிரித்தால் குதிரை ஓடுவது போல இருக்கிறது. மூன்று மூன்றாக வந்து இரண்டில் சுருங்கும்போது உடல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது, கழுத்துக்கும் வேலை கிடைக்கிறது. மூன்றாம் வரியை முதலில் இரட்டை வேகத்தில், அதே 16 அட்சரத்துக்குள் 32 எழுத்தாக வைத்திருந்தேன். என் வீட்டுக் கூடத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் கண்ணாடி போல வழவழப்பானது, தரை ஆத்தங்குடிக் கல். ஒலி அங்கே போய் மோதித் திரும்பி வருகிறது. 'தரிகிட' முடிவதற்குள் முந்தைய 'தரிகிட' திரும்பி வந்து இரண்டும் குழைந்துபோயின. கல் மண்டபம் உள்ள கோயில்களிலும் அப்படித்தான். ஆகவே ஒற்றை வேகத்துக்கு இறக்கினேன். திறந்தவெளி மேடையிலோ சபாவிலோ ஆடுவதாக இருந்தால் நீங்கள் இரட்டை வேகத்தை வைத்துக்கொள்ளலாம்.

எடுப்பு சமத்திலேயே இருக்கும் பாட்டுக்கு என் பழைய 64 கணக்கு அப்படியே பொருந்தும். அரை இடம் தள்ளி எடுப்பு என்றால் மொத்தம் 66, தீர்மானத்துக்கு 18. அதற்கு நான்கு அட்சரச் சொல்லும் மூன்று அட்சரக் கார்வையும் வைக்கலாம். ஆனால் அங்கே முதல் சொல் மட்டும்தான் தட்டில் விழும், மற்ற இரண்டும் விழாது, அது கடினமான சாதனை. முதல் முறையே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. நட்டுவாங்கத்தில் ஊறியவர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம், நான் தொடங்குபவருக்குச் சொல்கிறேன்.

இவ்வளவு வேலை இருக்கிறது இதில். ஆனால் எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். ஆடும் பிள்ளையின் பெயர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்கும் பத்துப் பேர், விருந்துக்கான நேரம்கூட இருக்கும். நட்டுவாங்கம் என்று ஒரு வரி இருக்காது. சென்ற பங்குனியில் ஒரு விழா அமைப்பாளரிடம் கேட்டேன். "இடம் போதவில்லை அம்மா" என்றார். பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாம் இருந்தன. தாளத்தைக் கையில் பிடித்து அந்த மாலை முழுவதையும் நடத்துபவருக்கு மட்டும் இடம் போதவில்லை. கேள்விக்கு இது சம்பந்தம் இல்லாததுதான், ஆனால் நீங்களும் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அச்சுக்குப் போகுமுன் அழைப்பிதழை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஜதிக்கு வருகிறேன். பாடுபவர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே பல்லவியின் முதல் வரியைப் பாடுங்கள். ஜதியை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகாதீர்கள். கையில் தாளம், வாயில் ஜதி, கடைசித் 'தொம்' முடிந்ததும் நிறுத்தாமல் பாட்டு. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு எடுப்பு எங்கே, தீர்மானச் சொல் எத்தனை அட்சரம், கார்வை எவ்வளவு என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.