குழிக்குள் இருந்து பார்க்கும் முகம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் திருக்கனூரில் காகிதக் கூழ் பொம்மை செய்கிற ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு அம்மன் முகத்தின் அச்சைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்பக்கம் எங்களைப் பார்த்தபடி இருந்தது, அதாவது மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஆனால் வாசலில் நின்று பார்த்தபோது மூக்கு முன்னால் புடைத்துக்கொண்டுதான் தெரிந்தது. நான் நகர்ந்தால் முகமும் என் பக்கம் திரும்பியது. உள்ளே விரலை விட்டுப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தேன். அப்போதும் அப்படியேதான். பார்வை என்பது மூளை செய்யும் ஊகம், பிழை வந்தால் அது திருத்திக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். விரலால் தொட்ட பிறகும் ஏன் திருத்தவில்லை?

கே., வில்லியனூர்

அன்புள்ள கே.,

திருத்தம் நடந்திருக்கிறது. நீங்கள் நகர்ந்தபோது முகம் திரும்பியதே, அதுதான் திருத்தம்.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் எதிரே நின்றுகொண்டு ஓரடி இடப்பக்கம் நகர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மூக்கு நுனி உங்களுக்குக் கிட்டே இருக்கிறது, காதுகள் சற்றுத் தள்ளி. நாம் நகரும்போது கிட்டே இருப்பது எதிர்ப்பக்கமாக அதிகம் நகர்வதுபோல் தெரியும். ஆகவே காதுகளை வைத்துப் பார்த்தால் மூக்கு வலப்பக்கம் போகும். அச்சில் இது அப்படியே மாறிவிடுகிறது. மூக்கின் பள்ளம்தான் தொலைவில் இருக்கிறது, விளிம்பு கிட்டே இருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால், விளிம்பை வைத்துப் பார்க்கும்போது மூக்கும் இடப்பக்கமே போகும்.

'இது புடைத்த முகம், ஆடாமல் அசையாமல் இருக்கிறது' என்று மூளை முடிவு செய்திருந்தது. மூக்கு வலப்பக்கம் போகும் என்று எதிர்பார்த்தது. அது இடப்பக்கம் போனது. இதுதான் கணிப்புப் பிழை. இதைச் சரிக்கட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. 'புடைத்த முகம்' என்பதைக் கைவிடலாம், அல்லது 'அசையாமல் இருக்கிறது' என்பதைக் கைவிடலாம். புடைத்த முகம் ஒன்று உங்கள் பக்கமாகத் திரும்பினாலும் மூக்கு இடப்பக்கம்தானே போகும்? இரண்டாவது வழியில் போனாலும் வந்த தகவல் முழுக்கப் பொருந்திவிடுகிறது, பிழை மிச்சமில்லாமல் தீர்ந்துவிடுகிறது. திரும்புகிற முகங்களை நாம் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். குழிந்த முகத்தைப் பார்த்தவர்கள் அச்சு செய்கிறவர்களைத் தவிர வேறு யார்? மூளைக்கு இரண்டாவது திருத்தம்தான் மலிவு.

'பிழை வந்தால் திருத்தும்' என்று நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இதுதான். அந்தத் திருத்தத்தின் வேலை பிழையைக் குறைப்பது. பிழை குறைந்துவிட்டால், எடுத்த முடிவு உண்மையோடு பொருந்துகிறதா என்று தனியாகச் சரிபார்க்க மூளைக்குள் வேறு ஆள் கிடையாது. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒன்றாகவே போவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அந்த அச்சுக்கு முன்னால் அவை பிரிந்துவிட்டன.

இந்த ஏற்பாட்டைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் ராஜேஷ் ராவும் டானா பல்லார்டும், 1999-ல். காட்சியைக் கையாளும் மூளைப்பகுதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலடுக்கு 'உனக்கு இப்போது இது வந்திருக்க வேண்டும்' என்று கீழடுக்குக்கு ஒரு கணிப்பை அனுப்புகிறது. கீழடுக்கு தனக்கு உண்மையில் வந்ததிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் மேலே அனுப்புகிறது. மீதி பெரிதாக இருந்தால் மேலடுக்கு தன் கணிப்பை மாற்றிக்கொள்ளும். இந்தக் கணக்கு மாதிரிக்கு இயற்கைக் காட்சிப் படங்களைக் கொடுத்துப் பழக்கியபோது ஒரு பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. காட்சிப் புறணியில் சில நரம்பணுக்கள் குட்டையான கோட்டைக் காட்டினால் துடிக்கும், அதே கோட்டை நீட்டினால் அடங்கிவிடும். இயற்கையில் விளிம்புகள் பெரும்பாலும் நீண்டுகொண்டே போகின்றன. ஆகவே நீளமான கோட்டை மேலடுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, கீழே மீதி எதுவும் இல்லை. நடுவில் நின்றுபோன கோடுதான் செய்தி.

சரி, அப்படியானால் இரண்டு கண்களும் என்ன செய்துகொண்டிருந்தன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கண்ணுக்குத் தெரிவதற்கும் மறு கண்ணுக்குத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு, பள்ளமா மேடா என்பதை நேரடியாகச் சொல்லிவிடுமே? சொல்கிறது. அது எவ்வளவு உரக்கச் சொல்கிறது என்பதுதான் தூரத்தைப் பொறுத்தது. நம் கண்களுக்கு இடையே சுமார் 6.3 செ.மீ. இருக்கும். அச்சில் மூக்கு, கன்னத்தைவிட 6 செ.மீ. ஆழத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் இரு கண் வேறுபாடு ஏறக்குறைய 0.87 பாகை வரும். 3 மீட்டர் தள்ளி வாசலில் நின்றால் அது 0.024 பாகை. தூரம் ஆறு மடங்கானால் வேறுபாடு முப்பத்தாறு மடங்கு குறையும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதுதான் காரணம்.

இதில் முக்கியமான ஒன்று: 0.024 பாகை என்பதும் நல்ல கண்களுக்குத் தாராளமாகப் பிடிபடுகிற அளவுதான். அதைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்தே ஆழத்தைச் சொல்லிவிடுகிறோம். அதாவது வாசலிலும் உங்கள் கண்கள் 'பள்ளம்' என்ற தகவலை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் மூளை ஒரு எடை போடுகிறது. தெளிவான, நம்பத்தக்க தகவலிலிருந்து வந்த பிழைக்கு எடை அதிகம், மங்கலானதற்குக் குறைவு. வாசலில் அந்த மெல்லிய வேறுபாடு, முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்ற ஆயுட்கால அனுபவத்தோடு மோதித் தோற்றுவிட்டது. அடுத்த முறை போனால் மெதுவாக நெருங்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் முகம் சட்டென்று உள்வாங்கிக் குழியாகிவிடும். அங்கேயே நின்று ஒரு கண்ணை மூடுங்கள், பெரும்பாலும் மீண்டும் புடைத்துக்கொள்ளும்.

அச்சைத் தலைகீழாக வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். தலைகீழ் முகத்தில் இந்த மயக்கம் வலுக்குறைந்துவிடும், இன்னும் தொலைவிலிருந்தே குழியாகத் தெரிய ஆரம்பிக்கும். முகம் பற்றிய நம் அனுபவம் நேராக இருக்கும் முகத்தைப் பற்றியது. ஆனால் முழுக்க மறைந்துவிடாது. ஹரோல்ட் ஹில், விக்கி புரூஸ் இருவரும் 1994-ல் உருளைக்கிழங்கின் குழிந்த வார்ப்பை வைத்துச் சோதித்தார்கள். அதுவும் புடைத்துத் தெரிந்தது, முகத்தின் அளவுக்கு இல்லை. பொருள்கள் பொதுவாக வெளியே புடைத்திருக்கும் என்று ஓர் எதிர்பார்ப்பு அடியில் இருக்கிறது, அதன்மேல் முகத்துக்கென்று தனி எதிர்பார்ப்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் எடுக்கிற அச்சு கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யானை முகம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேரும் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

இனி உங்கள் விரலுக்கு வருகிறேன். விரல் சொன்னது உங்களுக்குத் தெரிந்தது, 'இது பள்ளம்' என்று வாயால் சொல்லவும் முடிந்தது. ஆனால் சொல்லாக இருக்கும் அறிவு, கன்னத்தின் நிழல் எப்படி விழ வேண்டும், மூக்கு எத்தனை நகர வேண்டும் என்று கீழடுக்குகளுக்கு உடனடிக் கணிப்பாக இறங்குவதில்லை. அங்கே வேலை செய்வது பல்லாயிரம் முகங்களைப் பார்த்துப் படிந்த அனுபவம். ஒரு தடவை தடவிப் பார்த்தது அதை அசைக்கப் போதாது. இதை நான் கோட்பாட்டின் தோல்வியாக நினைக்கவில்லை. ஒரே ஒரு புதுத் தகவலில் கலைந்துவிடுகிற ஊகத்தை வைத்துக்கொண்டு மாலை மங்கலில் கடலூர் பஸ் நிலையத்தில் தெரிந்த முகம் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

மேலிருந்து இறங்கும் கணிப்பு வலுக்குறைந்தால் என்ன ஆகும்? 2009-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்றில் ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குக் குழிந்த முகங்களின் படங்களைக் காட்டினார்கள். மற்றவர்களைப்போல அவர்கள் ஏமாறவில்லை, குழியைக் குழியாகவே சொன்னார்கள். மூளைப் பதிவுகளிலும் மேலிருந்து கீழே வரும் செல்வாக்கு அவர்களிடம் குறைவாக இருந்தது. சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வு அது. உங்களோடு வந்த யாருக்காவது முகம் புடைத்துத் தெரியவில்லை என்றால் அதை நோயோடு முடிச்சுப் போட வேண்டாம், நிற்கும் தூரமும் வெளிச்சமும் போதும் அதற்கு.

உங்கள் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: மூளை ஒரே ஒரு ஊகத்தைத்தான் வைத்திருக்கிறதா? 2006-ல் க்ரோலிசாக், கூடேல், கிரெகரி முதலியோர் குழிந்த முகத்தில் சிறு பொருளை ஒட்டிவைத்து, அதைச் சட்டென்று விரலால் சுண்டிவிடச் சொன்னார்கள். பங்கேற்றவர்களின் கண்ணுக்கு முகம் புடைத்துத்தான் தெரிந்தது. ஆனால் வேகமாக நீண்ட விரல், பொருள் உண்மையில் இருந்த குழிக்குள் சரியாகப் போனது. பார்க்கிற வேலைக்கும் கை நீட்டுகிற வேலைக்கும் தனித்தனி மதிப்பீடுகள் ஓடுகின்றன என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. இந்த முடிவைப் பற்றி வாதங்கள் தொடர்கின்றன. ஆனாலும் 'மூளையின் சிறந்த ஊகம்' என்று ஒருமையில் எழுதும்போதெல்லாம் இந்தச் சோதனை எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிழைக்கு எடை போடுகிறது என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் விளக்கிவிடலாம். ஏமாந்தால் பழைய அனுபவத்துக்கு எடை அதிகம், ஏமாறாவிட்டால் பிழைக்கு எடை அதிகம். அதனால்தான் தூரம், தலைகீழ், ஒற்றைக்கண் போன்ற சோதனைகளை இவ்வளவு சொன்னேன். எடை எந்தப் பக்கம் மாறும் என்று முன்னாலேயே சொல்ல முடிகிற இடங்கள் அவை. அப்படியும் பிடிபடாத இடம் உண்டு. ஒரே எடையுள்ள ஒரு பெரிய டப்பாவையும் சின்ன டப்பாவையும் தூக்கிப் பாருங்கள். பெரியது கனமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். எதிர்பார்ப்பு பார்வையைத் தன் பக்கம் இழுக்கிறது என்றால் இங்கே பெரியதுதான் கனமாகத் தெரிய வேண்டும். தெரிவதோ நேர்மாறாக, சின்னதுதான் கனக்கிறது. இரண்டையும் தராசில் வைத்துச் சரிபார்த்த பிறகும் கனக்கிறது. 1891-ல் ஷார்பாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியது இது. பருமனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை மூளை கணிக்கிறது என்று சிலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் மற்றவர்களை இன்னும் திருப்திப்படுத்தவில்லை, என்னையும்தான்.

அன்புடன்