ஒப்புதல் ஆன லீவில் மூன்று நாள் மட்டும் ரத்து

"நடவுக்காக மன்னார்குடி போக திங்கள் முதல் வெள்ளி வரை லீவு அப்ரூவ் ஆகியிருந்தது. புராஜெக்ட் அவசரத்தால் புதன் வரை வேலை பார்க்கிறேன், போனில் சொல்லியாச்சு. போர்ட்டலில் இன்னும் ஐந்து நாள் லீவுதான் காட்டுகிறது."

ஐந்து நாளையும் ரத்து செய்யக் கோரிக்கை போடுங்கள். அது ஏற்கப்பட்டதும் வியாழன், வெள்ளிக்கு மட்டும் புதிதாக விண்ணப்பியுங்கள். பல போர்ட்டல்களில் ஒப்புதல் ஆன லீவின் தேதியைத் திருத்த முடியாது. போனில் சொன்னது அங்கே ஏறாது.

ஆனால் ரத்து செய்யும் முன் அந்த இரண்டு நாளுக்கு மேனேஜரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அவசரம் நீளும்போது அதுவும் கைவிட்டுப் போகும். இப்படி எழுதலாம்:

"திங்கள் முதல் புதன் வரை வேலையில் இருப்பேன். வியாழன், வெள்ளி லீவு அப்படியே வேண்டும். என் வேலையைப் பார்க்கவிருந்தவர் வியாழனிலிருந்து பொறுப்பேற்றால் போதும். புதன் மாலை நிலவரத்தை எழுதி அனுப்புகிறேன்."

இதை அனுப்பும் முன் வீட்டில் பேசுங்கள். மெஷின் நடவுக்குப் பாய் நாற்றங்கால் விட்டிருந்தால் நாற்றின் வயது முக்கியம். சுமார் 15 நாளில் நட வேண்டியது. நடவு மெஷின் வியாழனுக்கு வராது என்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டிய நாளே வேறு.

அப்புறம் லீவு இருப்பைப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் மூன்று நாள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையென்றால் ரத்துக் கோரிக்கை மேனேஜரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கலாம். சம்பளக் கணக்கு முடிக்கும் தேதிக்குள் சரிசெய்துவிடுங்கள்.