Re: டிஜிட்டல் கோல்டு வாங்கின உடனே 600 ரூபா குறையுது

"நேத்து ஆப்ல 10,000 ரூபாய்க்கு தங்கம் வாங்கினேன், இன்னைக்கு விக்கப் பார்த்தா 9,400 தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?"

ஏமாத்து இல்லங்க, முதல்ல 3% ஜிஎஸ்டி போயிருக்கும். 10,000ல தங்கமா மாறினது சுமார் 9,709 தான், அந்த வரி விக்கும்போது திரும்ப வராது. மிச்ச 300 அவங்க வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசமா இருக்கும், இதத்தான் யாரும் கவனிக்கறதில்ல.

பில்ல எடுத்து எத்தனை மில்லிகிராம்னு பாருங்க, அப்புறம் ஒரே நிமிஷத்துல ஆப்ல 'Buy', 'Sell' ரெண்டு விலையும் பாருங்க, கிராமுக்கு 3% இடைவெளி இருந்தா கணக்கு சரி.

ஒண்ணு மட்டும் கவனம், டிஜிட்டல் கோல்டு பங்குச்சந்தைய கண்காணிக்கிற செபிகிட்ட வராது, உங்க தங்கத்த அவங்க லாக்கர்ல இலவசமா வைக்கிறதுக்கும் காலக்கெடு இருக்கும், அத விதிமுறைல படிச்சிடுங்க.

இதுக்குப் பதிலா அரசு தங்கப் பத்திரம் பார்த்தா, அதுல லாக்கர் செலவு இல்ல, வருஷம் 2.5% வட்டியும் உண்டு, ஆனா அது வெளியீட்டு விலைக்குத்தான், இன்னைக்கு விலைக்கு இல்ல. 2024 பிப்ரவரிக்கு அப்புறம் புதுசா வரல, அதனால டீமேட் கணக்கு வச்சு பங்குச்சந்தைல தான் வாங்கணும். 8 வருஷம் முதிர்வு, 5 வருஷத்துக்கு முன்னாடி ரிசர்வ் பேங்க்ல பணமா மாத்த முடியாது, அவசரத்துக்கு சந்தைல வித்தா வாங்க ஆள் கம்மி, விலையும் அடி வாங்கும்.