கடலைக்கு முன்னால் வரும் ‘க்’

கேள்வி: வேர்க்கடலை, பொட்டுக்கடலை என்று ‘க்’ போட்டு எழுதுகிறோம். பொரிகடலைக்கு மட்டும் ஏன் போடுவதில்லை?

பொரிகடலையில் ‘பொரி’ என்பது வினையின் பகுதி. பொரித்த கடலை, பொரிக்கிற கடலை, பொரிக்கும் கடலை என்று மூன்று காலத்துக்கும் விரித்துப் பார்க்கலாம். காலம் வெளியே தெரியாமல் மறைந்திருப்பதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு, குடிதண்ணீர் எல்லாம் இந்த வகைதான்.

வேர்க்கடலையில் ‘வேர்’ பெயர்ச்சொல். வேரில் விளையும் கடலை என்று விரிகிறது. ‘இல்’ உருபும் ‘விளையும்’ என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன. அதனால் மிகுகிறது. பொட்டுக்கடலைக்குக் காரணம் வேறு. பொட்டு, பத்து, உப்பு போல வல்லின ஒற்றை அடுத்த உகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் அநேகமாக எப்போதும் மிகும்.

சரி, இப்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பொரிகடலையில் ‘க’ இளகி, ‘அகல்’ என்பதில் உள்ள ‘க’ மாதிரி ஒலிக்கும். வேர்க்கடலையிலோ, ‘கடலை’ என்று தனியாகச் சொல்லும்போது இருக்கும் அழுத்தம் அப்படியே நிற்கும். உயிருக்குப் பின்னாலும் ய், ர் போன்ற இடையின ஒற்றுகளுக்குப் பின்னாலும் ஒற்றையாக வரும் ‘க’ இளகிவிடும். இரட்டித்தால்தான் வன்மை தங்கும்.

ஆயுத பூஜைக்கு வாங்கும் பொரி கடலையிலும் ‘க்’ கிடையாது. அங்கே பொரி என்பது அரிசிப்பொரி, பெயர்ச்சொல்தான். ஆனால் பொரியும் கடலையும் என்று ‘உம்’ மறைந்து நிற்கிறது. உம்மைத்தொகையிலும் வல்லினம் மிகாது. பொரித்த கடலையா, பொரியும் கடலையுமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிழை திருத்தும்போது நான் அதிகம் அடிப்பது ‘அவித்தக் கடலை’, ‘வறுத்தக் கடலை’ என்று வரும் ‘க்’கைத்தான். அவித்த, வறுத்த என்பவை பெயரெச்சம். கடலை என்ற பெயரைத் தழுவுகின்றன. இவற்றின் பின் மிகாது. ஆனால் ‘வறுக்கக் கடலை வாங்கினேன்’ என்பதில் ‘க்’ கட்டாயம் வேண்டும். ‘வறுக்க’ அங்கே வினையெச்சம். அது போய்ச் சேர்வது ‘வாங்கினேன்’ என்ற வினையோடு. இரண்டும் அகரத்தில் முடிவதால் குழப்பம் வருகிறது.

அப்புறம் ஒரு விதிவிலக்கு. ‘வறுக்காத கடலை’ என்றால் மிகாது. அதில் கடைசித் ‘த’ போய் ‘வறுக்கா’ என்று நின்றால், அதுவும் பெயரெச்சமே என்றாலும், ‘வறுக்காக் கடலை’ என்று மிகும். ‘ஓயாத தொல்லை’, ‘ஓயாத் தொல்லை’ என்று சொல்லிப் பாருங்கள், இதே வேறுபாடு காதிலேயே கேட்கும்.