கிரியேட்டின் சைக்கிள், ஸ்டாக்: வீடியோவில் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

"எட்டு வாரம் எடுத்துட்டு நாலு வாரம் நிறுத்தணுமாம். இல்லேன்னா உடம்பு சொந்தமா கிரியேட்டின் செய்யறதையே நிறுத்திடுமாம். உண்மையா?"

சைக்கிள் என்று சொல்லும் இந்த முறையின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் சட்டென்று நம்பிவிடுகிறோம். பவுடராக வெளியிலிருந்து கிரியேட்டின் வரும்போது உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நிறுத்தினால் உற்பத்தி பழையபடி திரும்பிவிடும். நிரந்தரமாக நின்றுபோகும் என்று காட்டிய மனித ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

இடைவெளி விட்டால் தசையில் என்ன நடக்கும் என்பதற்கு 1996இல் ஹல்ட்மன் குழு செய்த ஆய்வைப் பாருங்கள். நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் சுமார் 20% கூடியது. லோடிங் எனப்படும் இந்த அதிக அளவுத் தொடக்கம் இல்லாமல் நாளுக்கு 3 கிராம் எடுத்தவர்களும் 28 நாளில் ஏறத்தாழ அதே அளவுக்கு வந்தார்கள். லோடிங்குக்குப் பிறகு நிறுத்தியவர்களுக்கு 30 நாள் வாக்கில் பழைய நிலை திரும்பியது. ஆக, நாலு வாரம் நிறுத்தினால் சேர்ந்தது கரைந்துவிடும், அவ்வளவுதான். அப்புறம் மறுபடி லோடிங் என்று இன்னொரு டப்பா காலியாகும்.

"அந்த ஆய்வில் இருந்தது 31 ஆண்கள்தான். எலிகளில் நீண்ட நாள் கொடுத்தபோது கிரியேட்டினைத் தசைக்குள் கொண்டுசேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர் குறைந்ததாகவும் வந்திருக்கிறதே. சைக்கிள் வாதத்தின் வேரே அதுதானே?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சைக்கிளுக்கு ஆதரவாக இருக்கும் நேர்மையான வாதம் இது ஒன்றுதான். 2003இல் மனிதர்களிடம் பார்த்தபோது டிரான்ஸ்போர்ட்டரைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ குறையவில்லை. அதை வைத்து எனக்குச் சைக்கிள் தேவையில்லை என்றுதான் படுகிறது. ஆனால் பல வருடம் தொடர்ந்து எடுப்பவர்களின் தசையிலேயே அளந்து பார்த்த தரவு மெலிவாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் மூடிவிட மாட்டேன். எலி ஆய்வைக் காட்டி "கட்டாயம்" என்று பேசுபவரிடம் இரண்டு கேட்கலாம்: எலிக்கு அதன் எடைக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? மனிதரில் யார் அளந்தார்கள்?

"பத்து நாளில் நாலு கிலோ தசை ஏறிய போட்டோ போட்டிருக்கார். எடைமெஷின் கூடத் தெரியுது. அதுல பொய் சொல்ல முடியுமா?"

மெஷின் சரியாகவே காட்டியிருக்கலாம். ஆனால் அது காட்டுவது எடையை, தசையை அல்ல. லோடிங் செய்த முதல் வாரத்திலேயே பலருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூடும். அது பெரும்பாலும் தசைக்குள் போன நீர். டயட்டில் இருந்தவர் அதே வாரம் மாவுச்சத்தும் உப்பும் கூட்டியிருந்தால், தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைகோஜனும் அதோடு வரும் நீரும் சேர்ந்து இன்னொரு கிலோவுக்கு மேல் ஏறலாம். சாப்பிட்ட பிறகு எடை பார்த்தால் மீதிக்கும் கணக்கு வந்துவிடும்.

"டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன்" என்றாலும் கவனம் தேவை, ஏனென்றால் உடலில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அளக்கும் டெக்ஸா நீரையும் கொழுப்பில்லா எடையில்தான் சேர்க்கிறது. எடைப்பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களையும் ப்ளேசிபோ எடுத்தவர்களையும் பல வாரங்கள் ஒப்பிட்ட சோதனைகளில், கூடுதலாகக் கிடைத்த கொழுப்பில்லா எடை சராசரியாக ஒரு கிலோ அளவில்தான் இருக்கிறது. அதிலும் ஒரு பங்கு நீர். இது நல்ல பலன்தான். பத்து நாளில் நாலு கிலோ என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

"நான் வாங்கின ஸ்டாக்ல கிரியேட்டின், பீட்டா அலனைன், சிட்ருலின் மாலேட் மூணும் இருக்கு. மூணுக்குமே ஆய்வு இருக்குன்னு லிங்க் கொடுத்திருக்காங்க. இதுவுமா ஏமாத்து?"

ஆய்வுகள் உண்மையாகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் என்பதை. "பிளெண்ட் 6 கிராம்" என்று மொத்தமாக மட்டும் போட்டிருந்தால் கூட்டிப் பாருங்கள். ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுப்பது கிரியேட்டின் 3 முதல் 5 கிராம், பீட்டா அலனைன் 3.2 கிராமுக்கு மேல், சிட்ருலின் மாலேட் 6 முதல் 8 கிராம். குறைந்தபட்சமே 12 கிராம் தாண்டுகிறது. ஆறு கிராமுக்குள் அது அடங்காது. ஒரு ஸ்கூப்பில் மூன்றில் ஒன்றாவது ஆய்வில் வந்த அளவை எட்டவில்லை என்பது நிச்சயம்.

இன்னொன்று, தனித்தனி ஆய்வுகளை அடுக்கினால் ஸ்டாக்குக்கு ஆதாரமாகாது. கிரியேட்டின் மட்டும் எடுத்த குழுவைவிட ஸ்டாக் எடுத்த குழு முன்னேறியதா என்று பார்த்த சோதனை வேண்டும். அந்த லிங்க்குகளில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

"நான் இடைவெளியே விடலை. இப்போ ரத்தப் பரிசோதனையில கிரியேட்டினின் கொஞ்சம் ஜாஸ்தி. சைக்கிள் பண்ணாததாலதான் கிட்னி போச்சா?"

இதை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. கிரியேட்டின் உடைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது, எடுப்பவர்களுக்கு அந்த எண் சற்றே உயர்வது சகஜம். அதற்காக "பவுடர்தான் காரணம்" என்று நீங்களே தீர்மானித்தும் விடாதீர்கள். எத்தனை கிராம், எவ்வளவு நாளாக என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தசையளவையும் கிரியேட்டினையும் அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையும் சிறுநீரில் புரதம் பார்ப்பதும் தேவையா என்று கேளுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை பவுடரை நிறுத்தி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.