கிளாக்கை நிறுத்திய பிறகும் இன்வெர்ட்டர் கரண்ட் இழுப்பது ஏன்?

கேள்வி: 74HC04 ஐசியில் ஒரே ஒரு இன்வெர்ட்டரைத்தான் பயன்படுத்துகிறேன். சப்ளை 5 வோல்ட். கிளாக்கை நிறுத்தினால் கரண்ட் பூஜ்யத்துக்கு வரும் என்று படித்தேன், ஆனால் சில மில்லியாம்பியர் ஓடுகிறது. 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் இன்னும் ஏறுகிறது. கிளாக்கைக் குறைத்தால் பேட்டரி கூடுதலாக நிற்குமா?

பதில்: முதலில் மிச்சமிருக்கும் ஐந்து இன்புட்களைப் பாருங்கள். 1, 2 பின்கள் பயன்பாட்டில் இருந்தால் 3, 5, 9, 11, 13 பின்கள் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இன்புட் 0 அல்லது 5 வோல்ட்டில் உறுதியாக நின்றால் பிமாஸ், என்மாஸ் இரண்டில் ஒன்று அணைந்திருக்கும். சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு வழியே இல்லை. தொங்கும் இன்புட்டோ நடு வோல்டேஜுக்கு நகர்ந்துவிடும். அப்போது இரண்டு டிரான்சிஸ்டரும் பாதி திறந்து, கரண்ட் நேராகக் கிரவுண்டுக்குப் பாயும். ஐசி அருகே விரலைக் கொண்டுபோகும்போது மீட்டர் ரீடிங் அலைந்தால் காரணம் இதுவேதான். அந்த ஐந்து பின்களையும் கிரவுண்டில் கட்டுங்கள். அவுட்புட்களை அப்படியே விடுங்கள். கிளாக் கொடுத்த இன்புட்டும் நிறுத்தும்போது 0 அல்லது 5 வோல்ட்டில் நிற்க வேண்டும். அதன்பின் எஞ்சுவது லீக்கேஜ் மட்டும். அறை வெப்பநிலையில் முழு ஐசிக்கும் சேர்த்து அது ஓரிரு மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. வெப்பம் ஏறினால் கூடும்.

இனி கிளாக். அவுட்புட் 0-விலிருந்து 1-க்கு ஏறும் ஒவ்வொரு முறையும் சப்ளை C × V² அளவு ஆற்றலைத் தருகிறது. அதில் பாதி பிமாஸில் வெப்பமாகிறது, பாதி லோட் கெப்பாசிட்டன்ஸில் சேர்கிறது. அவுட்புட் இறங்கும்போது அந்தப் பாதியும் என்மாஸில் எரிந்துபோகிறது. ஒரு நொடியில் இது f முறை நடப்பதால்:

P = C × V² × f

இந்த ஐசியில் ஒரு இன்வெர்ட்டரின் உள் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 20 பிகோஃபாரட். வெளி லோடு 30 என்று வைத்தால் மொத்தம் 50. 10 மெகாஹெர்ட்ஸில் 12.5 மில்லிவாட், அதாவது 2.5 மில்லியாம்பியர், 1 மெகாஹெர்ட்ஸில் 0.25 மில்லியாம்பியர்தான். சரிபார்க்க 1, 2, 4 மெகாஹெர்ட்ஸில் கரண்டை அளந்து வரைபடமாகப் போடுங்கள். நேர்கோடு வரும். அதன் சாய்வு C × V. கோட்டைப் பின்னுக்கு நீட்டினால் பூஜ்ய ஹெர்ட்ஸில் வெட்டும் இடம் உங்கள் ஸ்டாட்டிக் கரண்ட். அது இன்னும் மில்லியாம்பியரில் இருந்தால் ஏதோ ஒரு இன்புட் தொங்குகிறது, அல்லது அவுட்புட்டில் ரெசிஸ்டர் லோடு இருக்கிறது.

பேட்டரிக்கு வருவோம். உங்கள் கிளாக் இடைவிடாமல் ஓட வேண்டியது என்றால் வேகத்தைப் பாதியாக்கினால் இந்தச் செலவும் பாதியாகும். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பல்ஸ்களை அனுப்பி முடிப்பதுதான் வேலை என்றால் மெதுவாக அனுப்புவதில் லாபமில்லை, ஒவ்வொரு பல்ஸுக்கும் அதே C × V² போகிறது. உண்மையான லாபம் வோல்டேஜில்தான். 3.3 வோல்ட்டில் அதே 10 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 5.4 மில்லிவாட் போதும். வோல்டேஜ் குறைந்தால் இன்வெர்ட்டரின் தாமதம் கூடும். அதைத் தாங்கும் அளவுக்குக் கிளாக்கை இறக்கிக்கொள்ளுங்கள்.